கொடுக்காத கிராஜுவிட்டிக்கு வரிக் கழிவு உண்டா?

மார்ச் 31 முடிந்து கணக்கு முடிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும். லாப நட்டக் கணக்கின் அடியில் ஒரு கோடி ரூபாய் லாபம் என்று இருக்கிறது. ஆடிட்டர் தயாரித்த வருமான வரிக் கணக்கிலோ ஒரு கோடியே எட்டரை லட்சத்துக்கு வரி கட்டச் சொல்கிறார்கள். சம்பாதிக்காத எட்டரை லட்சம் எங்கிருந்து வந்தது என்று முதலாளி கேட்பார். "கிராஜுவிட்டியும் லீவும் சார், டிஸ்அலவன்ஸ்" என்று பதில் வரும். பெரும்பாலான நிறுவனங்களில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அந்த எட்டரை லட்சம் சரியான எண்தானா என்று பார்க்கத் தெரிந்திருந்தால் சில லட்சம் ரூபாய் வரி மிச்சமாகவும் வாய்ப்புண்டு.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம், அறுபது பேர் வேலை செய்கிறார்கள். அங்கே 2014 ஜூன் மாதம் சேர்ந்த ஒரு லேத் ஆபரேட்டர் இருக்கிறார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய். 2026 மார்ச் 31 அன்று அவருக்கு 11 ஆண்டு 10 மாத சர்வீஸ். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை முழு ஆண்டாகக் கொள்ளவேண்டும் என்பது சட்டம், ஆகவே 12 ஆண்டு. ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி, மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற கணக்கில் 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000; பன்னிரண்டு ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். அவர் அன்றே வேலையை விட்டால் கிராஜுவிட்டியாக இதைக் கொடுத்தாக வேண்டும். இவரைப் போன்ற நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்தாண்டு சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இறந்தாலோ உடல் ஊனமுற்றாலோ அந்த நிபந்தனை கிடையாது.

அவர் கணக்கில் எடுக்காத விடுப்பு நாற்பது நாளும் இருக்கிறது. நிறுவனத்தின் வழக்கப்படி நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் அது 40,000 ரூபாய்.

இரண்டும் இன்னும் கையைவிட்டுப் போகாத பணம். ஆனாலும் அவர் உழைத்த உழைப்புக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கடன். இந்தக் கடனைச் சொல்லாத இருப்புநிலைக் குறிப்பு, லாபத்தை மிகையாகக் காட்டும் குறிப்பு. அதனால்தான் கணக்கியல் தரம் 15, ஆண்டு முடிவில் இரண்டுக்கும் ஒதுக்கீடு செய்யச் சொல்கிறது.

எவ்வளவு ஒதுக்குவது என்பதில்தான் முதல் சிக்கல். எல்லோரும் இன்றே விலகினால் எவ்வளவு ஆகும் என்று கூட்டி வைத்துக்கொள்ளும் எளிய வழியை, ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு நிறுவனத்துக்கு அந்தத் தரம் அனுமதிக்கிறது. நம் நிறுவனத்தில் அறுபது பேர் என்பதால் ஆக்சுவரியிடம் போகவேண்டும். ஆக்சுவரி பார்ப்பது இன்றைய சம்பளத்தை அல்ல. இந்த ஆபரேட்டர் 58 வயதில் ஓய்வு பெறும்போது என்ன சம்பளம் வாங்குவார் என்று ஊகித்து, இதுவரை அவர் செய்த சர்வீசுக்கு உரிய பங்கை எடுத்து, அந்தத் தொகையை அரசுக் கடன்பத்திரத்தின் வட்டி விகிதத்தால் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார். இடையில் வேலையை விடும் வாய்ப்பு, இறக்கும் வாய்ப்பு எல்லாவற்றையும் அதில் சேர்ப்பார்.

கேட்க மாயமாக இருக்கும், ஆனால் எண்ணைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். ஆபரேட்டருக்கு நாற்பது வயது, ஓய்வுக்கு இன்னும் பதினெட்டு ஆண்டு இருக்கிறது என்று வைப்போம். சம்பள உயர்வு ஆண்டுக்கு 6 சதவீதம், தள்ளுபடி விகிதம் 7 சதவீதம் என்றால், வேலையை விடும் வாய்ப்பையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்த 1,80,000 ரூபாய் சுமார் 1,52,000 ஆகக் குறைகிறது. சம்பள உயர்வை மட்டும் 8 சதவீதமாக மாற்றுங்கள், அதே மனிதருக்கு அது சுமார் 2,12,800 ஆகிறது. ஒரே ஓர் ஊகம் மாறியதில் ஓர் ஆளுக்கு அறுபதாயிரம் ரூபாய் வித்தியாசம். லாபம் குறைவாக இருக்கும் ஆண்டில் சம்பள உயர்வு விகிதம் திடீரென்று இறங்கியிருந்தால் ஆடிட்டர் புருவத்தை உயர்த்துவதற்குக் காரணம் இதுதான். கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் நிறுவனம் உண்மையில் கொடுத்த உயர்வு என்ன என்று பார்த்தால் ஊகம் நியாயமானதா என்று தெரிந்துவிடும்.

இதைவிட அதிகம் நடக்கும் தவறு ஆக்சுவரிக்கு அனுப்பும் பட்டியலில்தான். ஐந்தாண்டு முடியாதவர்களுக்கு இன்னும் கிராஜுவிட்டி உரிமை வரவில்லையே என்று பெயரையே நீக்கிவிடுவார்கள். அது தவறு. அவர்களில் பலர் ஐந்தாண்டைத் தாண்டுவார்கள், அந்த வாய்ப்பைக் கணக்கில் சேர்ப்பதுதான் ஆக்சுவரியின் வேலை. சேர்ந்த தேதி தவறாக இருப்பதும், அடிப்படைச் சம்பளத்துக்குப் பதிலாக மொத்தச் சம்பளம் போய்விடுவதும் உண்டு. அறிக்கையில் ஆட்களின் எண்ணிக்கையையும் மாதச் சம்பள மொத்தத்தையும் மார்ச் மாதச் சம்பளப் பட்டியலோடு வைத்துப் பார்த்தாலே பாதிப் பிழை வெளிப்பட்டுவிடும்.

இது கணக்குப் புத்தகத்தின் பக்கம். வருமான வரித் துறை இதே கடனை வேறு கண்ணால் பார்க்கிறது.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. மெட்டல் பாக்ஸ் நிறுவனத்தின் போனஸ் தகராறில் 1968-இல் உச்ச நீதிமன்றம், வருங்காலத்தில் கொடுக்கவேண்டிய கிராஜுவிட்டியைக்கூட ஒழுங்காக மதிப்பிட முடிந்தால் லாபத்தைக் கணக்கிடும்போது கழிக்கலாம் என்ற கருத்தைச் சொன்னது. 1972-இல் கிராஜுவிட்டிச் சட்டம் வந்து அது கட்டாயக் கடனானதும் நிறுவனங்கள் பெரிய பெரிய ஒதுக்கீடுகளைப் போட்டு வரியைக் குறைக்கத் தொடங்கின. பணமோ நிறுவனத்திலேயே இருந்தது. 1975-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், 40ஏ(7) என்ற பிரிவை முன்தேதியிட்டு நுழைத்து இந்தக் கதவைச் சாத்தியது. வெறும் ஒதுக்கீட்டுக்குக் கழிவு இல்லை. இரண்டே விதிவிலக்கு: வருமான வரித் துறை அங்கீகரித்த கிராஜுவிட்டி நிதியத்துக்குச் செலுத்துவதற்கான ஒதுக்கீடு ஒன்று, அந்த ஆண்டிலேயே கொடுக்கவேண்டியதாகிவிட்ட கிராஜுவிட்டி இன்னொன்று. ஸ்ரீ சஜ்ஜன் மில்ஸ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவுதான் செல்லும் என்று முடித்துவிட்டது.

இரண்டாவது விதிவிலக்கைக் கவனியுங்கள். "கொடுக்கவேண்டியதாகிவிட்ட" என்றுதான் இருக்கிறது, "கொடுத்த" என்று இல்லை. மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றவரின் கிராஜுவிட்டியை ஏப்ரலில்தான் பட்டுவாடா செய்தீர்கள் என்றாலும் கழிவு மார்ச்சோடு முடிந்த ஆண்டுக்கே கிடைக்கும்.

விடுப்புச் சம்பளத்தின் கதை வேறு. பெங்களூரின் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம், தன் ஊழியர்களின் எடுக்காத விடுப்புக்குப் போட்ட ஒதுக்கீட்டைக் கழித்தது. எப்போது, யாருக்குக் கொடுப்போம் என்பதே தெரியாத கடன் என்று வரித் துறை மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2000-இல் நிறுவனத்தின் பக்கம் நின்றது: உழைத்த அன்றே கடன் உருவாகிவிட்டது, எப்போது தீர்ப்போம் என்பது மட்டுமே நிச்சயமில்லை, ஆகவே கழிக்கலாம். அரசு அதிக நாள் காத்திருக்கவில்லை. 2001-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 43பி பிரிவில் (எஃப்) என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. விடுப்புக்கு ஈடாக ஊழியருக்குக் கொடுக்கவேண்டிய தொகை, உண்மையில் கொடுத்தால்தான் கழியும் என்றாயிற்று.

எக்ஸைட் இண்டஸ்ட்ரீஸ் இதை எதிர்த்துப் போனது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2007-இல் அந்த உட்பிரிவையே செல்லாது என்றது. வரித் துறை மேல்முறையீட்டுக்குப் போக, உச்ச நீதிமன்றம் ஒரு விசித்திரமான இடைக்கால ஏற்பாட்டைச் செய்தது: உட்பிரிவு இருப்பதாகவே வைத்து வரியைக் கட்டுங்கள், ஆனால் ரிட்டனில் கழிவைக் கோரிக்கொள்ளலாம். நிறுவனங்கள் பல ஆண்டுகள் அப்படியே இரண்டு மனதோடு ரிட்டன் போட்டுவந்தன. 2020 ஏப்ரல் 24 அன்று உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த உட்பிரிவு கடனை மறுக்கவில்லை, கழிவு எந்த ஆண்டில் என்பதை மட்டுமே முடிவு செய்கிறது என்பது அதன் சாரம். என் பார்வையில் இது நியாயமான முடிவுதான். ஊழியருக்குக் கொடுக்காமலேயே அவர் பெயரைச் சொல்லி வரியைக் குறைத்துக்கொள்ளும் வசதி எதற்கு?

43பி ஒரு சலுகையும் தருகிறது. ஆண்டு முடிந்தபின், ரிட்டன் தாக்கல் செய்யும் கெடு நாளுக்குள் கொடுத்துவிட்டால் அது முந்தைய ஆண்டிலேயே கழியும். கம்பெனிகளுக்கு அந்தக் கெடு அக்டோபர் 31.

இப்போது நம் பம்ப் நிறுவனத்துக்கு வருவோம். ஆண்டின் தொடக்கத்தில் கிராஜுவிட்டி ஒதுக்கீடு 60 லட்சம். ஆக்சுவரியின் அறிக்கைப்படி இந்த ஆண்டு லாப நட்டக் கணக்கில் எழுதியது 12 லட்சம். விலகிய இருவருக்குக் கொடுத்தது 5 லட்சம். முடிவில் 67 லட்சம். விடுப்புக்குத் தொடக்கத்தில் 14 லட்சம், எழுதியது 6 லட்சம், கொடுத்தது 4 லட்சம், முடிவில் 16 லட்சம்.

வரிக் கணக்கில் முதலில் 12 லட்சத்தையும் 6 லட்சத்தையும் லாபத்தோடு திருப்பிச் சேர்க்கவேண்டும். இதை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். அடுத்து, உண்மையில் கொடுத்ததைக் கழிக்கவேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஏனென்றால் கொடுத்த 5 லட்சம் லாப நட்டக் கணக்கில் எங்குமே வராது. கேஷியர் அதை ஒதுக்கீட்டுக் கணக்கில் பற்று வைத்திருப்பார், சரியாகவே வைத்திருப்பார். வரிக் கணக்கு போடுகிறவர் லாப நட்டக் கணக்கை மட்டும் புரட்டினால் அந்த ஐந்து லட்சம் கண்ணில் படாது. பழைய ஆண்டுகளில் வரி கட்டி முடித்த பணம் அது, இப்போது கழிவாகத் திரும்ப வரவேண்டியது, வராமலே போய்விடும்.

விடுப்பில் இன்னொரு மடிப்பு இருக்கிறது. இந்த நிறுவனம் ஆண்டுதோறும் மார்ச் 31 அன்று முப்பது நாளுக்கு மேல் சேர்ந்த விடுப்பைப் பணமாக்கி, மே மாதச் சம்பளத்தோடு கொடுக்கும் வழக்கம் உள்ளது. இந்த ஆண்டு கொடுத்த 4 லட்சத்தில் ஒன்றரை லட்சம், 2025 மே மாதம் கொடுத்த முந்தைய ஆண்டின் விடுப்பு. அதை 2025 அக்டோபர் கெடுவுக்குள் கொடுத்ததால் சென்ற ஆண்டு ரிட்டனிலேயே கழித்தாகிவிட்டது. இன்னொரு முறை கழிக்கக் கூடாது. மீதி இரண்டரை லட்சம் இந்த ஆண்டு விலகியவர்களுக்குக் கொடுத்தது, அது கழியும். 2026 மே மாதம் கொடுத்த 2 லட்சமும் இந்த ஆண்டுக்கே கழியும். ஆகவே விடுப்புக்குக் கழிவு நாலரை லட்சம்.

ஒரு கோடியோடு 18 லட்சத்தைச் சேர்த்து, கிராஜுவிட்டி 5 லட்சத்தையும் விடுப்பு நாலரை லட்சத்தையும் கழித்தால் ஒரு கோடியே எட்டரை லட்சம். முதலாளி கேட்ட அந்த எண் இதுதான். கழிக்கவேண்டிய ஒன்பதரை லட்சத்தை மறந்திருந்தால், 25.168 சதவீத வரியில் சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய் வீணாகக் கட்டியிருப்பார்கள். வரித் தணிக்கை அறிக்கையான 3சிடி படிவத்தில் கிராஜுவிட்டி ஒதுக்கீடு 21-ஆம் பத்தியிலும் 43பி தொகைகள் 26-ஆம் பத்தியிலும் வரும். அந்த எண்களையும் ஒதுக்கீட்டுக் கணக்கின் தொடக்கம், சேர்ப்பு, பட்டுவாடா, முடிவு என்ற நான்கு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதுதான் நான் கண்ட சிறந்த சோதனை. ஒன்றுக்கொன்று ஒட்டாவிட்டால் எங்கோ பிசகு.

இன்று கூடுதலாகக் கட்டும் வரி நிரந்தர நட்டம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கொடுக்கும் ஆண்டில் அது திரும்பக் கிடைக்கும். அதனால் கணக்கியலில் இதை ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்து என்று இருப்புநிலைக் குறிப்பில் காட்டுகிறார்கள். நம் நிறுவனத்தில் இதுவரை கழியாமல் நிற்பது கிராஜுவிட்டியில் 67 லட்சம், விடுப்பில் 14 லட்சம், மொத்தம் 81 லட்சம். இதன் வரி சுமார் 20 லட்சத்து 39 ஆயிரம். வருங்காலத்தில் லாபம் வரும் என்ற நியாயமான உறுதி இருக்கும்வரைதான் இதைச் சொத்தாகக் காட்டலாம். தொடர்ந்து நட்டத்தில் ஓடும் கம்பெனியில் இந்தச் சொத்து வெறும் காகிதம்.

அந்த 81 லட்சத்தில் கிராஜுவிட்டிப் பங்குக்கு ஒரு வழி உண்டு. மாற்ற முடியாத டிரஸ்ட் ஒன்றை உருவாக்கி, வருமான வரி ஆணையரிடம் அங்கீகாரம் பெற்று, எல்ஐசி போன்ற காப்பீட்டு நிறுவனத்தின் குழு கிராஜுவிட்டித் திட்டத்தில் பணத்தைப் போடுவது. அக்டோபர் கெடுவுக்குள் செலுத்திவிட்டால் அந்த ஆண்டே கழிவு. ஆண்டுச் செலுத்துதொகைக்குச் சம்பளத்தில் எட்டும் மூன்றிலொரு சதவீதம் என்று விதி வரம்பு வைத்திருக்கிறது, அதாவது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். கிராஜுவிட்டியோ ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலிதான் என்பதால் வரம்பு பொதுவாக இடிப்பதில்லை.

இந்த விஷயத்தில் கோவை நிறுவனம் ஒன்றின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெக்ஸ்டூல் நிறுவனம் கிராஜுவிட்டிப் பணத்தை டிரஸ்ட் வழியாகச் செலுத்தாமல் நேராக எல்ஐசிக்கே செலுத்திவிட்டது. நிதியத்துக்குச் செலுத்தவில்லையே என்று அதிகாரி கழிவை மறுத்தார். பணம் முழுக்க ஊழியர்களின் நிதியத்துக்கே போய்ச் சேர்ந்தது, நிறுவனத்துக்கு அதன்மேல் எந்தப் பிடியும் இல்லை என்பதால் கழிவு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் சொன்னன. ஆனால் இதை நம்பி அங்கீகாரமே வாங்காமல் எல்ஐசிக்கு பிரீமியம் கட்டிவிட்டுக் கழிவு கேட்பது ஆபத்து. எல்ஐசி ரசீது கோப்பில் இருக்கும், ஆணையரின் அங்கீகார உத்தரவைத் தேடினால் கிடைக்காது என்பது அடிக்கடி காணும் காட்சி.

டிரஸ்டுக்குள் போன பணம் முதலாளிக்குத் திரும்ப வராது. ஒதுக்கீடாகவே வைத்திருந்தால் அந்தப் பணத்தில் இரும்பு வாங்கலாம், வங்கி ஓவர்டிராஃப்டைக் குறைக்கலாம். எது லாபம் என்பது நிறுவனம் கடனுக்குக் கொடுக்கும் வட்டியைப் பொறுத்தது. தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் சந்தேகமே இல்லை, நிறுவனம் நொடித்துப் போனாலும் பணம் தனியே பத்திரமாக இருப்பது நல்லது. விடுப்புக்கு இப்படி அங்கீகரித்த நிதியம் என்ற ஏற்பாடே சட்டத்தில் இல்லை. விடுப்புக்கென்று காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் போட்டுவிட்டு அதையே "கொடுத்ததாக" எடுத்துக்கொள்ளலாமா என்பதில் தகராறு உண்டு. அதை நம்பிக் கழிவு எடுப்பதற்கு முன் யோசிக்கவேண்டும்.

2025-26 ஆண்டின் கணக்கில் இன்னொரு திருப்பம். நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, கிராஜுவிட்டிச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போனது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் சேர்பவர்களுக்கு ஐந்தாண்டு வேண்டாம், ஓராண்டு போதும். இன்னும் பெரியது கூலியின் வரையறை. கூலிக்கு வெளியே வைக்கும் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் கூலியே. மாதம் 40,000 ரூபாய் வாங்கி, அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 மட்டுமே உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கூலி இனி 20,000. பன்னிரண்டு ஆண்டு சர்வீசுக்கு அவரது கிராஜுவிட்டி சுமார் 97,000-இலிருந்து 1,38,000-க்கும் மேலே ஏறுகிறது. கடைசியாக வாங்கிய கூலியை வைத்தே கணக்கு என்பதால் பழைய பன்னிரண்டு ஆண்டுக்கும் சேர்த்து ஒரே அடியாக ஏறுகிறது. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் டிசம்பர் காலாண்டிலேயே இதற்காகப் பெருந்தொகைகளை எழுதியது இதனால்தான்.

நம் லேத் ஆபரேட்டருக்கு இதில் மாற்றமில்லை, அவர் அடிப்படைச் சம்பளம் ஏற்கெனவே பாதிக்கு மேல். ஆனால் படிகளைப் பெருக்கி அடிப்படையைச் சுருக்கி வைத்திருந்த நிறுவனங்களில், ஐந்தாண்டைத் தாண்டிய ஊழியர்களுக்கு ஏறிய தொகை முழுவதும் இந்த ஆண்டு லாபத்திலேயே விழும். வரிக் கழிவு அந்த ஊழியர்கள் விலகும் ஆண்டில்தான், அல்லது அங்கீகரித்த நிதியத்தில் பணத்தைப் போட்டால்தான். ஆகவே ஆக்சுவரிக்கு இந்த மார்ச் பட்டியலை அனுப்புமுன் "அடிப்படை" என்ற பத்தியை அப்படியே நகலெடுக்காமல், ஒவ்வொரு பெயருக்கும் புதிய வரையறைப்படி கூலி எவ்வளவு என்று ஒரு பத்தியைக் கூடுதலாகப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.